பின்சக்கரம் எங்கே போகிறது?

ஜொகூர் மாநிலத்தின் குளுவாங் மாவட்டத்தில், ரயில் பாதையை அண்டி அமைந்திருக்கும் பாலோ என்னும் சிற்றூரைச் சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள் பரந்து கிடக்கின்றன. மழை பெய்து ஓய்ந்த ஒரு காலை வேளையில் அத்தகைய தோட்டம் ஒன்றின் செம்மண் பாதையில் நின்றுகொண்டிருந்தபோது, பழக்குலை ஏற்ற வந்த லோரி ஒன்று, ஒரு மூலையைத் திரும்புவதற்காக மூன்று முறை முன்னும் பின்னும் போய்வந்து, கடைசியில் பின்சக்கரத்தைப் பாதையோரக் கால்வாயில் இறக்கிவிடுமோ என்று பார்த்தவர்களையெல்லாம் கவலைப்பட வைத்துவிட்டு, ஒருவாறு தப்பிச் சென்றதைக் கண்டேன். சற்று நேரத்திற்கெல்லாம் மர வரிசைகளுக்கிடையிலிருந்து வெளிப்பட்ட சிறிய டிராக்டர் ஒன்று, ஒற்றைச் செம்பனை மரத்தைப் பிரதட்சிணம் செய்வதுபோல் ஒரே மூச்சில் சுற்றிக்கொண்டு அடுத்த வரிசைக்குள் புகுந்து மறைந்தது. ஒன்பது மீட்டர் முக்கோண முறையில் மரம் நட்ட தோட்டத்தில் வரிசைக்கு வரிசை எட்டு மீட்டருக்கும் சற்றுக் குறைவான இடைவெளிதான் உண்டு என்பதை அறிந்தவர்களுக்கு, அது சாமானியமான காரியமாகத் தோன்றாது.

“அது சின்ன வண்டி, அதனால் திரும்புகிறது” என்று பக்கத்தில் நின்றவரிடம் நான் சொன்னேன். பல வருஷங்கள் தோட்டத்தில் வண்டி ஓட்டி ஓய்வுபெற்ற அந்தப் பெரியவர் சிரித்துவிட்டு, “சின்னது என்பது பாதிக் காரணம்தான், தம்பி. கீழே குனிந்து தடத்தைப் பாருங்கள்” என்றார்.

குனிந்து பார்த்தேன். லோரி திரும்பிய இடத்தில் ஈர மண்ணில் நான்கு தனித்தனிக் கோடுகள் இருந்தன; முன்சக்கரம் அகன்ற வளைவில் சென்றிருக்க, பின்சக்கரமோ அதன் வழியை விட்டு விலகி, வளைவின் உட்புறமாகக் குறுக்கு வெட்டிச் சென்றிருந்தது. டிராக்டர் திரும்பிய இடத்தில் இரண்டே கோடுகள். முன்சக்கரம் பதித்த தடத்தின் மீதே பின்சக்கரமும் அடி பிசகாமல் நடந்திருந்தது. அந்த டிராக்டரின் முன்சக்கரங்கள் மட்டுமன்றிப் பின்சக்கரங்களும் திரும்பக்கூடியவை என்பதே அதன் இரகசியம். இந்த ஏற்பாட்டை நாற்சக்கரத் திருப்பம் என்போம். தோட்டத்து யந்திரங்களில் பழகிப்போன இந்த உபாயம், நெடுஞ்சாலையில் ஓடும் சொகுசுக் கார்களிலும் இன்று இடம்பெற்றிருக்கிறது. ஆனால் அங்கே அது ஆற்றும் பணியில் பாதி, தோட்டத்தில் ஆற்றும் பணிக்கு நேர்மாறானது. அந்த முரண்பாட்டை விளங்கிக்கொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் லோரியின் உள்வெட்டுக்குக் காரணம் என்ன என்று பார்ப்போம். இதற்கு லோரி தேவையில்லை. ஒரு சைக்கிள் போதும். தண்ணீர் தேங்கிய குழியில் இரண்டு சக்கரங்களையும் நனைத்துக்கொண்டு, உலர்ந்த சிமெண்டுத் தரையில் மெதுவாக ஒரு வட்டம் போட்டுவிட்டு இறங்கிப் பார்த்தால், பின்சக்கரத்தின் ஈரக்கோடு முன்சக்கரத்தின் கோட்டிற்கு உட்புறமாகவே ஓடியிருப்பதைக் காணலாம். சக்கரம் என்பது தன் முகம் நோக்கிய திசையில் மட்டும் உருள விரும்புவது. பக்கவாட்டில் அதைத் தள்ளினால் தரையில் தேய்ந்து அடம் பிடிக்கும். நம் கோயில் தேர் நான்கு வீதிகளின் முனைகளிலும் திரும்பத் திணறுவதற்கும், முட்டுக்கட்டை போடுவோர் சக்கரத்தின் கீழ்க் கட்டையைச் செருகிச் செருகி அதை அங்குலம் அங்குலமாக வழிப்படுத்த வேண்டியிருப்பதற்கும் இதுவே காரணம்; தேரின் சக்கரங்கள் யாவும் நேரே மட்டும் பார்ப்பவை, ஆகையால் திரும்பும்போதெல்லாம் அவை உருளாமல் உரசியே தீரவேண்டும்.

உரசாமல் திரும்ப வேண்டுமானால், வண்டியின் எல்லாச் சக்கரங்களும் ஒரே புள்ளியை மையமாகக் கொண்ட வட்டங்களில் உருண்டாக வேண்டும். ஒவ்வொரு சக்கரத்தின் அச்சையும் ஒரு கோடாகப் பாவித்து நீட்டிக்கொண்டே போனால், அக்கோடுகள் யாவும் வந்து சந்திக்கும் இடம் எதுவோ அதுவே திரும்பு மையம். சாதாரணக் காரில் பின்சக்கரங்கள் திரும்பாதவை. எனவே அவற்றின் அச்சுக்கோடு எப்போதும் வண்டிக்குச் செங்குத்தாகப் பக்கவாட்டில் நீண்டுகிடக்கிறது. திரும்பு மையம் அந்தக் கோட்டின் மேல்தான் எங்கேனும் இருக்க முடியும். முன்சக்கரத்தை அதிகம் திருப்பினால் மையம் வண்டிக்கு அருகே வரும்; குறைவாகத் திருப்பினால் தூரப் போகும். முன்சக்கரத்தைத் திருப்புவதற்கும் ஓர் எல்லை உண்டு. சக்கரம் மட்கார்டில் இடிக்காமலும், இணைப்புத் தண்டுகள் முறியாமலும் இருக்கவேண்டும் என்பதால், பெரும்பாலான கார்களில் அது முப்பத்தைந்து, நாற்பது பாகைக்குள் நின்றுவிடுகிறது.

இப்போது ஒரு காரை எடுத்துக்கொண்டு கணக்குப் பார்ப்போம். முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையேயுள்ள தூரத்தை அச்சிடைத் தூரம் என்போம். அது மூன்று மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதாவது சற்றுப் பெரிய கார். முன்சக்கரங்கள் சராசரியாக 35 பாகை திரும்புகின்றன. அப்போது திரும்பு மையம், பின்னச்சின் நேர்கோட்டில், வண்டியின் நடுக்கோட்டிலிருந்து ஏறக்குறைய 4.3 மீட்டர் தூரத்தில் அமையும். வெளிப்புற முன்சக்கரம் வரையும் முழு வட்டத்தின் குறுக்களவு, அதாவது திரும்பு வட்டம், 11.8 மீட்டர் ஆகும். இனி, பின்சக்கரங்களை முன்சக்கரங்களுக்கு எதிர்த்திசையில் வெறும் 10 பாகை திருப்புவோம். பின்னச்சின் கோடு இப்போது முன்புறமாகச் சாய்கிறது. முன்னச்சின் கோட்டை அது முன்பைவிட விரைவாகச் சந்தித்துவிடுகிறது. மையம் 4.3 மீட்டரிலிருந்து 3.4 மீட்டருக்கு நெருங்கி வருகிறது. திரும்பு வட்டமோ 9.7 மீட்டராகச் சுருங்குகிறது. பத்துப் பாகைச் சாய்விற்கு இரண்டு மீட்டர் இலாபம்! வேறு விதமாகச் சொன்னால், திரும்பு மையத்திலிருந்து வண்டிக்கு வரையும் செங்குத்துக் கோடு இப்போது பின்னச்சில் விழாமல், அதற்கு அறுபது சென்டிமீட்டர் முன்னால் விழுகிறது. ஆகவே மூன்று மீட்டர் அச்சிடைத் தூரமுள்ள வண்டி, 2.4 மீட்டர் வண்டிபோல் பாவனை செய்துகொண்டு திரும்புகிறது. பின்சக்கரங்களும் முன்சக்கரங்களைப் போலவே முழு 35 பாகை எதிர்த்திசையில் திரும்பினால், மையம் சரிபாதித் தூரத்திற்கு வந்துவிடும். செங்குத்துக் கோடு வண்டியின் நட்டநடுவே விழும். முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒரே வட்டத்தில் ஓடும். தோட்டத்து டிராக்டர் இரண்டே கோடுகளை விட்டுச்சென்றதற்கு இதுதான் விளக்கம்.

இதைக் கணக்கில்லாமலே அநுபவத்தில் உணரலாம். லயத்து வீடுகளில் கல்யாணப் பந்தலுக்காக நீண்ட மூங்கிலை இருவர் தோளில் சுமந்து ஒரு குறுகிய சந்தில் திரும்புவதை நினைத்துப் பாருங்கள். முன்னே செல்பவர் இடப்புறம் திரும்புகிறார். பின்னே வருபவர் அவரை அப்படியே பின்பற்றி நடந்தால் மூங்கிலின் நடுப்பகுதி சுவரில் இடித்துவிடும். அநுபவசாலியான பின்னாள் என்ன செய்வார்? முன்னவர் இடப்புறம் போகும்போது இவர் சற்று வலப்புறம் ஒதுங்கி, மூங்கிலைச் சந்துக்கு நேராக நிமிர்த்திக் கொடுப்பார். முனைகள் இரண்டும் எதிரெதிராக நகர்ந்தால் மூங்கில் தன் நடுவைச் சுற்றிச் சுழல்கிறது. இடம் குறைவாகப் பிடிக்கிறது. பாலோ வழியே ஓடும் ரயிலின் பெட்டியும் வளைவில் இதையே செய்கிறது. பெட்டியின் இரு கோடிகளிலும் தனித்தனியே சுழலக்கூடிய சக்கரத் தொகுதிகள் உள்ளன. பாதை இடப்புறம் வளையும்போது, முன் தொகுதி பெட்டிக்கு இடப்புறமாகவும், பின் தொகுதி வலப்புறமாகவும் முகம் திருப்புகின்றன. அதனால்தான் அவ்வளவு நீளமான பெட்டி அந்த வளைவில் உரசாமல் போகிறது. இவ்வகைத் திருப்பத்தை எதிர்முகத் திருப்பம் என்று குறிப்பிடலாம்.

இவ்வளவு நன்மை இருக்கும்போது, எல்லாக் கார்களும் எப்போதும் எதிர்முகமாகவே திரும்பினால் என்ன என்ற கேள்வி எழுவது இயல்பு. அதற்கு விடை பாலோவின் தோட்டப் பாதையில் இல்லை. குளுவாங்கைத் தாண்டி, ஆயர் ஈத்தாமில் நாம் போய்ச் சேரும் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் இருக்கிறது. அங்கே சட்டம் அநுமதிக்கும் வேகமாகிய மணிக்கு 110 கிலோமீட்டரில், முன்னால் செல்லும் லோரியைத் தாண்டுவதற்காக ஒருவர் இடத் தடத்திலிருந்து வலத் தடத்திற்கு மாறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த வேகத்தில் வண்டி விநாடிக்கு முப்பது மீட்டருக்கு மேல் ஓடுகிறது. மூன்று விநாடியில் மூன்றரை மீட்டர் பக்கவாட்டில் நகர்ந்தாக வேண்டும்; ஆனால் அதற்குள் தொண்ணூறு மீட்டர் முன்னே போயிருக்கும். ஆகவே அவருடைய பாதை எத்துணை சாய்வானது? உச்சக்கட்டத்தில்கூட நான்கு பாகையைச் சிறிதளவே தாண்டும். நெடுஞ்சாலைத் தடமாற்றம் என்பது திரும்புதலே அன்று. ஏறத்தாழ நேராக ஓடிக்கொண்டே கொஞ்சம் ஒதுங்குதல்.

இந்தச் சிறு ஒதுக்கத்தில்தான் சாதாரணக் காரின் ஒரு பலவீனம் வெளிப்படுகிறது. ரப்பர் டயர், ரயில் சக்கரத்தைப் போல் முகம் பார்த்த திசையில் கண்டிப்பாக ஓடுவதில்லை. பக்கவாட்டு விசை வேண்டுமானால், டயர் முகம் பார்க்கும் திசைக்கும் உண்மையில் நகரும் திசைக்கும் இடையே ஒரு சிறு கோணம் உண்டாகவேண்டும். தரையைத் தொடும் ரப்பர் சற்றே முறுகி, அந்த முறுக்கத்தின் எதிர்ப்பே வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும் விசையாகிறது. அந்தக் கோணத்தை நழுவுகோணம் என்போம். நழுவுகோணம் இல்லையேல் பக்கவிசை இல்லை. இப்போது சாரதி சுக்கானை வலப்புறம் அசைக்கிறார். முன்சக்கரங்களுக்கு உடனே நழுவுகோணம் கிடைத்துவிடுகிறது; வண்டியின் மூக்கு வலப்புறம் இழுக்கப்படுகிறது. பின்சக்கரங்களுக்கோ இன்னும் ஒன்றும் தெரியாது. அவை நேரே பார்த்து நேரே உருண்டுகொண்டிருக்கின்றன. வண்டியின் உடல் சிறிது சுழன்று, அந்தச் சுழற்சியால் பின்சக்கரங்களின் முகமும் திரும்பிய பிறகே அவற்றிற்கு நழுவுகோணம் கிடைக்கும். அதன் பின்பே அவை தம் பங்குக்குத் தள்ளத் தொடங்கும். இந்தத் தாமதம் ஒரு விநாடியின் சிறு பகுதிதான். ஆனாலும் அந்த இடைவேளையில் வண்டி நகர்வதைவிடச் சுழல்வதே அதிகமாக இருக்கிறது. புதிய தடத்தை அடைந்து சாரதி சுக்கானை மறுபக்கம் திருப்பி நிமிர்த்தும்போது, பின்பகுதி மீண்டும் காலதாமதமாகவே செய்தியை அறிகிறது. முதல் சுழற்சி அடங்குமுன் எதிர்ச் சுழற்சி தொடங்கிவிடுகிறது. மழையில் நனைந்த சாலையில் வால் ஆடுவது போன்ற அந்த உணர்ச்சியைப் பின்னிருக்கையில் பிரயாணம் செய்தவர்கள் வயிற்றில் அறிந்திருப்பார்கள்.

இந்த வேளையில் பின்சக்கரங்கள் எதிர்முகமாகத் திரும்பினால் நிலைமை படுமோசமாகும். மூக்கு வலப்புறம் இழுக்கப்படும் அதே கணத்தில் வால் இடப்புறம் தள்ளப்பட்டால், வண்டி பம்பரமாவதற்கு வேறென்ன வேண்டும்? மாறாக, முன்சக்கரங்கள் வலப்புறம் திரும்பும்போது பின்சக்கரங்களும் அதே வலப்புறம், ஆனால் மிகச் சிறிய அளவில், திரும்பினால் என்ன ஆகும்? பின் டயர்களுக்கும் உடனடியாக நழுவுகோணம் கிடைத்துவிடுகிறது. முன்னும் பின்னும் ஒரே கணத்தில் ஒரே பக்கம் தள்ளுவதால், வண்டி அதிகம் சுழலாமல், நண்டைப்போல் சற்றே பக்கவாட்டாக நடந்து, அடுத்த தடத்தில் போய் நிற்கிறது. மூங்கில் சுமந்த அந்த இருவரும், எதிரே சைக்கிள் வருகிறதென்று வழிவிட வேண்டுமானால், ஒருவர் இடமும் ஒருவர் வலமுமாகவா ஒதுங்குவார்கள்? இருவரும் ஒரே பக்கம் ஒரே எட்டாக ஒதுங்குவார்கள் அல்லவா? இதனைச் சமமுகத் திருப்பம் என்போம். தடமாற்றப் பாதையின் சாய்வே நான்கு பாகைதான் என்று கண்டோம். ஆகவே பின்சக்கரங்களுக்கு ஒன்று முதல் மூன்று பாகை வரையிலான அசைவே போதுமானது என்பதும் இதனால் விளங்கும். அதே சமயம், பின்சக்கரங்கள் முன்சக்கரங்களுக்குச் சமமாகவே திரும்பிவிட்டால், வண்டி ஒதுங்குமேயன்றி ஒருபோதும் வளையாது. வளைவான சாலையில் அது பெரும் ஆபத்து. ஆதலால் சமமுகத்தில் பின்சக்கரத்தின் பங்கு எப்போதும் முன்சக்கரத்தின் ஒரு பின்னம்தான்.

இது வெறும் ஊகமன்று என்பதை எப்படி அறிகிறோம்? சோதனைத் திடலில் கூம்புகளை நட்டு, ஒரு தடத்திலிருந்து மறு தடத்திற்குப் போய் மீண்டும் பழைய தடத்திற்கே திரும்பும்படி, ஒரே வேகத்தில் வண்டியை ஓட்டச் செய்கிறார்கள். வண்டிக்குள் சுக்கானின் அசைவை ஒரு கருவி பதிவு செய்கிறது. உடலின் சுழற்சி வேகத்தை இன்னொரு கருவியும், பக்கவாட்டு முடுக்கத்தை மூன்றாவது கருவியும் பதிவு செய்கின்றன. மூன்று கோடுகளையும் ஒரே தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக வரைந்து பார்த்தால், சாதாரண வண்டியில் சுக்கான் அசைந்த சிறிது நேரத்தில் சுழற்சி எழுகிறது, அதற்கும் பின்னரே பக்க முடுக்கம் எழுகிறது. இரண்டிற்கும் இடையே ஓர் இடைவெளி கண்ணுக்குத் தெரிகிறது. சமமுகமாகத் திரும்பும் வண்டியில் அவ்விடைவெளி குறுகி, இரண்டும் ஏறத்தாழச் சேர்ந்தே எழுந்து சேர்ந்தே அடங்குகின்றன. சுழற்சிக் கோட்டின் சிகரமும் தாழ்ந்துவிடுகிறது. சாரதி “வண்டி நிதானமாக இருக்கிறது” என்று சொல்லும் சொல்லுக்கு அந்தத் தாளில் உள்ள பொருள் இதுவே.

ஆக, மெதுவாகப் போகும்போது எதிர்முகம், வேகமாகப் போகும்போது சமமுகம். இரண்டும் ஒன்றுக்கொன்று நேர்விரோதம். எப்போது எந்த முகம் என்பதை வண்டி எவ்வாறு தீர்மானிப்பது? இதுவே பொறியியலாளர்களுக்கு வந்த உண்மையான சோதனை. ஜெர்மனியில் 1930களிலேயே மெர்சிடிஸ்-பென்ஸ் நிறுவனம் பின்சக்கரமும் திரும்பும் வாகனங்களைச் செய்திருந்தது. ஆனால் அவை கரடுமுரடான நிலத்தில் மெதுவாகச் செல்வதற்கானவை. நெடுஞ்சாலைக்கான விடை ஜப்பானிலிருந்து வந்தது. 1985இல் நிஸ்ஸான் நிறுவனம் தன் ஸ்கைலைன் காரில், வேகமான ஓட்டத்தில் மட்டும் பின்சக்கரங்களை அரைப் பாகையளவு சமமுகமாக அசைக்கும் ஹைகாஸ் என்னும் ஏற்பாட்டைப் புகுத்தியது. இரண்டு முகங்களையும் ஒரே காரில் சேர்த்துக் காட்டிய பெருமை 1987இல் வெளிவந்த ஹோண்டா பிரெலூடைச் சாரும். அதன் யுக்தி இன்றைக்கும் வியக்கத்தக்கது.

அந்தக் காரின் பின்சக்கரத் திருப்பத்தில் கணிப்பொறியும் இல்லை, வேகமானியோடு இணைப்பும் இல்லை. ஹோண்டாவின் பொறியியலாளர்கள் மனித சுபாவத்தையே அளவுகோலாகக் கொண்டார்கள். வேகமாகப் போகும் எவரும் சுக்கானைப் பெரிதாகத் திருப்புவதில்லை. சுக்கானை ஒரு சுற்றுக்கு மேல் திருப்புகிறவர் நிச்சயம் மெதுவாகத்தான் போய்க்கொண்டிருப்பார். அப்படியானால் சுக்கானின் கோணமே வேகத்திற்குச் சாட்சியாகிவிடுகிறதல்லவா? முன்புறத் திருப்பு யந்திரத்திலிருந்து ஒரு நீண்ட தண்டு பின்புறப் பெட்டிக்குச் செல்கிறது; அப்பெட்டிக்குள், அசையாத ஒரு பல்வளையத்தின் உட்புறம் சிறு பற்சக்கரம் ஒன்று சுற்றி வருகிறது. அதைத் தாங்கும் தண்டும் மையம் விலகியது, அதன்மேல் உள்ள முளையும் மையம் விலகியது; இவ்விரண்டு விலகல்களும் எதிரெதிராகச் சுழல்வதால், அவற்றின் கூட்டு அசைவு முதலில் ஒரு பக்கமும் பிறகு மறுபக்கமும் போகிறது. பலன் இதுதான்: சுக்கானை நேர்நிலையிலிருந்து சுமார் 140 பாகை திருப்பும் வரை பின்சக்கரங்கள் சமமுகமாகவே திரும்பி, ஒன்றரைப் பாகையில் உச்சம் அடைகின்றன. அதற்கு மேல் திருப்பினால் அவை மெல்ல மனம் மாறி, ஏறக்குறைய 246 பாகையில் மீண்டும் நேராகி, அதையும் தாண்டினால் எதிர்முகமாகச் சாய்ந்து, சுக்கான் முழுவதும் திரும்பும்போது 5.3 பாகையை எட்டுகின்றன. இரும்புப் பற்களாலான ஒரு பெட்டி, சாரதியின் உள்ளக் கருத்தை ஊகித்துவிடுகிறது!

ஆயினும் ஊகம் ஊகம்தான். நெருக்கமான இடத்தில் மிக மெதுவாக ஊர்ந்தபடி சுக்கானைக் கொஞ்சமே திருப்புகிறவருக்கு, இந்தப் பெட்டி உதவுவதற்குப் பதில் எதிராக வேலை செய்து, வண்டியைச் சற்றே கூடுதலாக அகலத் திரும்பச் செய்துவிடும். இக்குறையைப் போக்க, மாஸ்டா நிறுவனம் ஏறத்தாழ அதே காலத்தில் தன் 626 காரில் வேகத்தையே நேரடியாக அளந்து, மணிக்கு 35 கிலோமீட்டருக்குக் கீழே எதிர்முகமும் மேலே சமமுகமும் கொள்ளுமாறு மின்னணுக் கட்டுப்பாட்டுடன் திரவ அழுத்த யந்திரத்தை அமைத்தது. இன்று நாற்சக்கரத் திருப்பத்துடன் வரும் கார்கள் பெரும்பாலும் இவ்வழியையே பின்பற்றுகின்றன. மாறும் வேகம் மட்டும் வண்டிக்கு வண்டி வேறுபடும். 2013இல் வந்த போர்ஷே 911 வகைகளில் மணிக்கு 50 கிலோமீட்டர் வரை எதிர்முகம், 80 கிலோமீட்டருக்கு மேல் சமமுகம். இடைப்பட்ட வேகத்தில் ஒன்றிலிருந்து மற்றொன்றிற்குச் சாரதி அறியாதபடி நழுவிச் செல்கிறது. பெரிய வண்டிகளில் இலாபம் எவ்வளவு என்பதற்கு, 2002இல் அமெரிக்காவில் ஜி.எம்.சி. நிறுவனம் வெளியிட்ட சியெரா டெனாலி என்னும் பிக்கப் வண்டி சான்று: பின்சக்கரங்கள் 12 பாகை வரை திரும்பியதால், அதன் திரும்பு வட்டம் பதினான்கு மீட்டருக்கு மேலிருந்து பதினொன்றரை மீட்டருக்குள் அடங்கியது. ஆயினும் விலை அதிகமாகி, வாங்குவோர் குறைந்ததால், 2005ஆம் ஆண்டோடு அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது.

இனி இதன் எல்லைகளையும் சொல்லிவிடுவது நியாயம். முதலாவது, வால் வீச்சு. எதிர்முகமாகத் திரும்பும் வண்டியின் பின்புறம், திரும்பும் திசைக்கு மறுபக்கம் சற்று வெளியே வீசும். மேலே கணக்குப் பார்த்த அதே கார் ஒரு சுவரை ஒட்டி நிற்கிறது என்றும், பின்னச்சுக்குப் பின்னால் ஒரு மீட்டர் நீண்டிருக்கிறது என்றும் கொள்ளுங்கள். பின்சக்கரம் திரும்பாவிட்டால் புறப்படும்போது வாலின் முனை சுவரை நோக்கிப் பத்துச் சென்டிமீட்டரளவு நகரும்; பின்சக்கரம் பத்துப் பாகை எதிர்முகமாகத் திரும்பினாலோ அது கிட்டத்தட்ட இருபத்தொன்பது சென்டிமீட்டராகும். கிடங்குகளில் பின்சக்கரத்தால் திரும்பும் பாரந்தூக்கி வண்டியைச் சுவரோரம் நிறுத்தி எடுப்பவர்கள் இந்தச் சங்கடத்தை நன்கு அறிவார்கள். ஆகவே இத்தகைய காரை முதன்முதலாக ஓட்டுகிறவர், சுவரோரத்திலிருந்து புறப்படும்போது சிறிது தூரம் நேராகச் சென்றபின் திருப்புவது விவேகம்.

இரண்டாவது, டயருக்கும் தரைக்கும் உள்ள பிடிமானத்திற்கு மேல் இந்த ஏற்பாடு எதையும் உண்டாக்காது. இருக்கும் பிடியைப் பின்சக்கரங்களும் காலத்தே பயன்படுத்திக்கொள்ளச் செய்வதே அதன் வேலை. தேய்ந்து வழுவழுப்பான டயர், மழை நீர் ஓடும் சாலையில் பிடியை இழந்துவிட்டால், எத்தனை சக்கரம் திரும்பினாலும் வண்டி தன் போக்கில்தான் போகும்.

மூன்றாவது, பழுது. பின்சக்கரங்கள் திரும்பத் தொடங்கியதும், அவற்றைத் தாங்கும் மூட்டுகளும் தண்டுகளும் முன்புறத்தைப் போலவே தேய்வுக்கு உள்ளாகின்றன. மின்னணு ஏற்பாட்டில் கோளாறு நேர்ந்தால் பின்சக்கரங்கள் தாறுமாறாகத் திரும்பிவிடாதபடி காப்பு அமைத்திருக்கிறார்கள். பழைய திரவ அழுத்த வகைகளில் வலிய சுருள்வில் ஒன்று அவற்றை நேர்நிலைக்குக் கொண்டுவந்து நிறுத்தியது, இன்றைய மின்மோட்டார் வகைகளில் திருகாணி யந்திரம் தானே பூட்டிக்கொண்டு அசையாமல் நிற்கிறது. அபாயம் பெரும்பாலும் இத்தகைய பெருங்கோளாறில் இல்லை. யாருக்கும் தெரியாமல் ஒரு மூட்டு தேய்ந்து, பின்சக்கரங்கள் அரைப் பாகை ஒரு பக்கம் சாய்ந்தே நிற்கும் நிலையில்தான் இருக்கிறது. அப்போது நேரான சாலையிலும் சாரதி சுக்கானைச் சற்றே கோணலாகப் பிடிக்க வேண்டியிருக்கும்; பின் டயர்களின் விளிம்பைக் கையால் தடவினால், ஒரு பக்கம் வழுவழுப்பாகவும் எதிர்ப்பக்கம் ரம்பப் பல்லைப்போல் கூராகவும் தட்டுப்படும். இத்தகைய கார்களுக்குச் சக்கர நேர்மை பார்க்கும்போது, பின்புறத்தை முதலில் அதன் நடுநிலையில் நிறுத்தி நேராக்கிவிட்டு, அதற்குப் பிறகே முன்புறத்தைச் சரிசெய்ய வேண்டும். வரிசை மாறினால் கோணல் மறைந்துகொள்ளுமேயன்றித் தீராது.

அந்தப் பெரியவர் சொன்னதுபோல், குனிந்து தடத்தைப் பார்த்தாலே இதற்கும் விடை கிடைக்கும். மழை விட்ட பிறகு, நேரான வெறிச்சோடிய பாதையில், ஈரத்தைத் தாண்டிப் பத்து மீட்டர் மெதுவாக ஓட்டி நிறுத்திவிட்டு, இறங்கிப் பின்னால் சென்று பாருங்கள். முன் தடங்களின் மீது பின் தடங்கள் இருபுறமும் ஒரே அளவாகப் படிந்திருந்தால் வண்டி நேராகப் போகிறது. இரண்டு பின் தடங்களும் ஒரே பக்கமாக ஒதுங்கியிருந்தால், வண்டி நெடுஞ்சாலையிலும் நண்டு நடை நடக்கிறது என்று அறிந்துகொண்டு, அன்றைக்கே பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.